கருகிய நெய்

பலகாரக் கடையில் நெய் உருக்குபவளுக்கு அன்று சளியால் மூக்கு அடைத்திருந்தது. வாசம் தெரியாததால் காதையே நம்பினாள். வெண்ணெயில் தண்ணீர் இருக்கும்வரை சடசடக்கும். ஓசை அடங்கியதும் சூடு மளமளவென்று ஏறிவிடும், உடனே இறக்க வேண்டும். பக்கத்தில் கிரைண்டர் அலறியது.

"அண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க. நெய்ச் சத்தம் கேக்கல."

"ரெண்டு நிமிஷம்மா," என்றார் முதலாளி.

பொறுக்காமல் நுரையை விலக்கிப் பார்த்தாள். பொன்னிறமாக இருக்க வேண்டிய கசண்டு அடியில் கறுத்துக் கிடந்தது. நெய்யும் பழுப்பேறியிருந்தது. பாத்திரத்தை இறக்கினாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "வடிகட்டினா சரியாயிடும்ல?"

"கசண்டு போகும்ணே. கசப்பு போகாது."

அவர் கரண்டியில் எடுத்து ஆற்றி நக்கிப் பார்த்து முகம் சுளித்தார். புது வெண்ணெய் எடுத்துத் தந்தார். பதினோரு வருடத்தில் அதுவரை ஒரு பாத்திரம்கூடக் கருகவிடாதவள், அடுப்பைத் தணித்து அதை உருக்க வைத்தாள்.