குடியிருக்கிறவள் கேட்ட பான் நம்பர்

"அக்கா, உங்க பான் நம்பர் அனுப்புங்க. வாடகையில டிடிஎஸ் பிடிக்கணும்."

ஸ்கூல் பஸ்ஸில் எல்கேஜி வாண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்துகொண்டிருந்தபோது இந்த மெசேஜைப் பார்த்தேன். குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு இந்தியப் பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் டீச்சர். அனுப்பியவள் சென்னையில் என் பெயரில் இருக்கும் ஃபிளாட்டில் குடியிருப்பவள். ஐடி கம்பெனியில் வேலை, கூட அவள் அம்மா மட்டும். மே மாதம் வந்தார்கள், இப்போது பிப்ரவரி. மாசம் அறுபதாயிரம் வாடகை, அஞ்சாம் தேதிக்குள் வந்துவிடும். ஏழாம் தேதி வீட்டு லோன் ஈஎம்ஐ அதை அப்படியே வாரிக்கொண்டு போய்விடும். என் கணக்கில் ரெண்டு நாள் தங்கிப் போகிற விருந்தாளி அந்தப் பணம்.

அதில் கை வைக்கிறேன் என்கிறாளே! எனக்குச் சுரீர் என்றது. "எதுக்கு?" என்று ஒற்றை வார்த்தை அனுப்பினேன்.

"மாசம் ஐம்பதாயிரத்துக்கு மேல வாடகைன்னா குடியிருக்கிறவங்க வரி பிடிச்சு கட்டணுமாம் அக்கா. ரெண்டு பர்சென்ட். வருஷத்துக்கு ஒரு தடவைதான், மார்ச் வாடகையில பிடிச்சுக்கலாம். பான் இல்லேன்னா இருபது பர்சென்ட் பிடிக்கச் சொல்றாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, எனக்கே இப்பதான் தெரியும்."

நான் நம்பவில்லை. பான் கார்டு போட்டோ அனுப்பி ஏமாந்தவர்கள் கதை எங்கள் குவைத் தமிழ் குரூப்பில் வாரம் ஒன்று வரும். இவள் ஏமாற்றுக்காரி இல்லை, ஆனால் இவளை யாராவது ஏமாற்றுகிறார்களோ என்னவோ. அதோடு, பதினோரு வருஷமாக வருமான வரி என்ற சொல்லே காதில் விழாத ஊரில் இருக்கிறேன். இங்கே நாங்களும் வாடகைக்குத்தான் இருக்கிறோம். வாடகையில் ஒரு தினார் குறைத்துக் கொடுத்துப் பார்க்கட்டும் யாராவது, வாடகை வசூலிக்கிற பில்டிங் வாட்ச்மேன், இங்கே ஹாரிஸ் என்பார்கள், கதவைத் தட்டியே உடைத்துவிடுவான்.

இதுவே வேறு ஒரு சமயமாக இருந்தால் 'எடுத்துக்கோ போ' என்று விட்டிருப்பேன். அப்போது அப்படி விட முடியவில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ப்ராஜெக்ட் மார்ச்சோடு முடிகிறது, அதோடு ஆளும் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இங்கே தங்குவதற்கான அனுமதி இக்காமா; அவர் இக்காமாவில் தொங்குகிறது என் இக்காமாவும் மகள் இக்காமாவும், அது போனால் என் டீச்சர் வேலையும் போகும். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, அவளிடம் மூச்சு விடவில்லை. ஊரில் என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் ஏன் ஊரைக் கூட்ட வேண்டும் என்று இருந்தோம். இனி நிச்சயமாக வருவது அந்த வாடகை ஒன்றுதான். அது நின்றால் ஃபிளாட்டை பேங்க்காரன் கேட்பான். 

சனிக்கிழமை எங்களுக்கு லீவு, சென்னையில் ஆபீஸ் உண்டு. தெரிந்தவர் மூலமாக ஒரு ஆடிட்டரைப் பிடித்துப் பேசினேன். "ரெண்டு பர்சென்ட்டாம் சார், நிஜமா?" என்றேன்.

"நிஜம்தான் மேடம். நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?"

"குவைத்."

"எத்தனை வருஷமா?"

சொன்னேன். 

"அப்போ அந்த ரெண்டு பர்சென்ட் உங்களுக்கு இல்லை. அது ஓனர் இந்தியாவுல இருந்தாதான். வெளிநாட்டுல இருக்கிற ஓனர்னா முப்பது, செஸ் சேர்த்து முப்பத்தொண்ணு சொச்சம். அந்த ஐம்பதாயிரம் கணக்கும் கிடையாது, வாடகை எவ்வளவு கம்மியா இருந்தாலும் பிடிக்கணும். மாசா மாசம், முதல் மாசத்துலேர்ந்து. அதுக்கு அவங்க டேன்னு தனியா ஒரு நம்பர் வாங்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்குத் தாக்கல் பண்ணணும்."

"அய்யய்யோ, அவ்வளவும் போயிடுமா சார்?"

"போகாது. நீங்க ரிட்டர்ன் போடுங்க, லோன் வட்டியெல்லாம் கழிச்சா வரியே வராமப் போகலாம், பிடிச்சது திரும்ப வந்துரும். என்ன, காத்திருக்கணும். குறைச்சுப் பிடிக்கச் சொல்லி டிபார்ட்மென்ட்ல சர்டிபிகேட்டும் வாங்கலாம், ஆனா அது இனிமே வர்ற வாடகைக்குத்தான். ஆமா, வாடகை எந்த அக்கவுன்ட்டுக்கு வருது?"

"பழைய சேவிங்ஸ் அக்கவுன்ட்தான்."

"கல்ஃப்ல இருக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் பண்றீங்க," என்று சலித்துக்கொண்டார். "அதையும் வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான என்ஆர்ஓ அக்கவுன்ட்டா மாத்துங்க முதல்ல."

கடைசியாகக் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லாம விட்டா?"

"உங்களுக்கு உடனே ஒண்ணும் ஆகாது. ஏன் பிடிக்கலைன்னு அவங்களைத்தான் கேப்பாங்க. பிடிக்காம விட்டது, வட்டி, எல்லாம் அவங்க தலையில."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பான் நம்பரை மட்டும் அனுப்பு," என்றார். "அவளே ரெண்டுன்னு சொல்றா. நாம போய் முப்பதுன்னு எடுத்துக் கொடுக்கணுமா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"நாம குவைத்ல இருக்கோம்னு அவளுக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும்ல? பின்னே நாம எதை மறைச்சோம்? சட்டம் தெரியாதது அவ பாடு. இதைச் சொன்னா எவ இருப்பா? இந்தத் தலைவலியே வேணாம்னு காலி பண்ணிட்டுப் போவா. அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பா. எங்க இருக்கு அது?"

எங்கே இருக்கிறது? மகளின் ஸ்கூல் பீஸில் இருக்கிறது. அவரை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயந்துபோன மனுஷன். நானும்தான் பயந்திருந்தேன், ஆனால் என் பயம் கோபமாகத்தான் வெளியே வரும். "உங்க டீ ஆறுது, குடிங்க," என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

பான் நம்பரை டைப் செய்துவிட்டேன். அனுப்புகிற விரலை வைக்கும் முன்னால் ஏனோ அவளோடு பேசியதையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தேன். அதில் முக்கால்வாசி போட்டோ. ஒழுகுகிற குழாய், மாற்றிய குழாய், பிளம்பர் பில். ஸ்விட்ச் போர்டு, எலக்ட்ரீஷியன் பில். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: "கழிச்சுக்கட்டுமா அக்கா?" சரி என்று நான் சொல்லாமல் பத்து ரூபாய்கூடக் கழித்ததில்லை. நச்சரிப்பு தாங்க முடியவில்லை என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இப்போதும் அவளாகத்தான் வந்து கேட்டாள், கேட்காமலே இருந்திருக்கலாம். சட்டத்துக்குப் பயந்து நடக்கிற பிள்ளையைப் பிடித்துச் சட்டத்தின் வாயிலேயே தள்ளிவிடுவதா? நம்மால் முடியாதப்பா.

பான் நம்பரை அனுப்பினேன். அதன் கீழே ஆடிட்டர் சொன்னது முழுவதையும் வாய்ஸில் பேசி அனுப்பினேன். முப்பத்தொன்று, டேன், மே மாதத்திலிருந்து பாக்கி, எல்லாம். "லேட்டானதுக்கு வட்டி வந்தா அது என்னோடது, உன்னோடது இல்லை. ஆடிட்டர் நம்பர் தர்றேன், நீயே கேட்டுக்கோ," என்றும் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "சரி, அனுப்பிட்டேல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அவள் கேட்டுவிட்டாள், நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. குழாய் சொட்டினால் நாலு போட்டோ அனுப்புகிறவள்! கிளாஸில் பிள்ளைகள் ரைம்ஸ் பாட, நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வீடு பார்க்கிறாள், ப்ரோக்கரோடு அலைகிறாள் என்று மனசுக்குள் ஒரு முழு நீளக் கதை ஓடியது. அந்தக் கதையில் பூட்டின என் வீடும், பேங்க் நோட்டீசும், கையில் பெட்டியோடு ஏர்போர்ட்டில் நிற்கிற நாங்கள் மூன்று பேரும் வந்துபோனோம்.

வெள்ளிக்கிழமை காலையில், வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, சாரிக்கா. ஆடிட்டர்கிட்ட பேசிட்டேன். டேனுக்கு அப்ளை பண்ணிட்டேன். பாக்கியையும் சேர்த்து ஒரேயடியா பிடிச்சா மூணு மாச வாடகைக்கு மேல ஆகுதுக்கா. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லத் தயங்கினேன்."

காலி பண்ணப்போவதில்லை. எனக்கு அந்த ஒன்றுதான் காதில் விழுந்தது. மூணு மாசம் ஈஎம்ஐக்கு வளையல் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "பிடிச்சுக்கோடா, பிடிச்சுக்கோ," என்றேன். 

"அப்புறம், ஆடிட்டர் ஒண்ணு கேக்கச் சொன்னாரு. ஏப்ரல்லேர்ந்து நீங்க இங்க வந்து செட்டில் ஆகிட்டா, அடுத்த வருஷத்துக்கு வெறும் ரெண்டு பர்சென்ட்தானாம், மார்ச்ல ஒரு தடவை. நீங்க திரும்பி வர்ற ஐடியா ஏதாவது இருக்காக்கா?"

பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். 'பார்க்கலாம், பொண்ணு படிப்பு முடியட்டும்' என்று ஒரு பதில் எப்போதும் தயாராக வைத்திருப்பேன். அன்றைக்கு அது வரவில்லை.

"அவருக்கு வேலை போயிடுச்சும்மா," என்றேன். "வேற கிடைக்கலேன்னா வந்துதான் ஆகணும்."

பெற்ற தாயிடம் சொல்லாததை, முகத்தைக்கூட நேரில் பார்த்திராத ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.  அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தமும், அவள் அம்மா யாரது என்று கேட்பதும் கேட்டது.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்போ வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்களாக்கா? இல்ல, அம்மாவுக்குப் போன மாசம்தான் முட்டி ஆபரேஷன் ஆச்சு. இன்னும் வாக்கர்லதான் நடக்குறாங்க. நான் மெசேஜுக்குப் பதில் போடாததே அதனாலதான். வரி வரின்னு கேட்டு உங்களுக்குக் கோவம் வந்துட்டா, வேற வீடு பாருன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்."

அவள் போய்விடுவாளோ என்று நான் இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் நாங்கள் எங்கே போய் இருப்போம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எங்களுக்கென்று இருப்பது அந்த ஒரு வீடுதானே.

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. அந்தப் பிள்ளையிடம் இவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லிவிட்டு, இதில் மட்டும் எப்படிப் பொய் சொல்வது?

"தெரியலம்மா," என்றேன்.