வேலைக்குள் வராத ஒரு திறமை

வேலை போனதிலிருந்து என் கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். அவருடைய ரெஸ்யூமேயை, விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் எங்கள் கம்பெனி மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். மதிப்பெண் குறைவு.

"ஏனுங்க, துணிக் கணக்கு, சாம்பிள், குவாலிட்டி செக்கிங்னு ரெஸ்யூமே கடைசியில வெறுமனே வரிசையா எழுத யாராலயும் முடியுமுங்க. எந்தக் கம்பெனியில, எத்தனை வருசம், எதுக்குச் செஞ்சீங்கன்னு அந்தந்த வேலைக்குக் கீழயே இருந்தாத்தான் மார்க் கூடும்" என்றேன்.

"எல்லாம் நான் செஞ்சதுதான் புள்ள!" என்று எரிந்து விழுந்தார்.

பிறகு ஒவ்வொன்றையும் பழைய வேலைகளுக்குள் எழுதினார். குவாலிட்டி செக்கிங்குக்கு மட்டும் எந்த வேலையிலும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அதை அழித்தார்.

மறுபடி மென்பொருளில் போட்டேன்; மதிப்பெண் ஏறியது. வீரபாண்டியிலுள்ள பனியன் கம்பெனி ஒன்று நேர்காணலுக்கு அழைத்த காலையில், சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.