சுகுமாறன் மங்கலாக்கிய கண்ணாடி

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடிப்படிக்கு ஒட்டின மாதிரி ஒரு சின்னக் கடை இருக்கிறது. அங்கேதான் சுகுமாறன் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுக்கிறார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். நாற்பத்தாறு வயது. யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. பொய் சொல்லவும் வராது.

எங்கள் பாட்டுக்குழுவுக்கு அவர்தான் எல்லாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பதினாறு பேர் ஸூமில் கூடிப் பதிகம் பாடுவோம். ஒருவர் சுங்கை பஞ்சாங், ஒருவர் கலும்பாங், நான் புக்கிட் ரோத்தான். ஒரே கோயிலில் ஒன்றுகூட வேண்டுமென்றால் பாதிப் பேரால் வர முடியாது. ஆளுக்கு ஒரு பாட்டு. சுகுமாறன் தன் லேப்டாப்பில் பதிவு செய்து, மறுநாள் சுத்தம் பண்ணி, யூடியூபில் போட்டுவிடுவார். தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து கேட்பார்கள்.

சுத்தம் பண்ணுவது என்றால் இதுதான். சாமி பாட்டு ஓடும்போது பின்னால் எங்கள் வீட்டு அலமாரிகள் தெரியும். காய்கிற உள்பாவாடை தெரியும், வங்கிக் கடிதம் தெரியும். பேசும்போதே பின்னணியை மங்கலாக்கும் வசதி இருக்கிறதாம். எங்கள் பழைய ஃபோன்களில் அது வேலை செய்யாது. அதனால் கூட்டம் முடிந்த பிறகு, பதிவான படத்தில் அவர் உட்கார்ந்து மறைப்பார்.

ஒருமுறை குழுத்தலைவர் முருகையா அண்ணன் கேட்டார்: "சுகு, என் தலைக்குப் பின்னால ரெண்டு பியர் பெட்டி இருக்கு பாரு. அது மவன் வச்சதுலா. மறைச்சிடு."

"மவன் வேலைக்கு சிங்கப்பூர் போயி ஆறு மாசம் ஆச்சே அண்ணே," என்றார் சுகுமாறன். எல்லாரும் சிரித்து அடங்கி, அன்றைக்குப் பாட்டு ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது.

மறைக்கும் வேலையை நான் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மறைக்கவேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கோடு வரைவார். கோட்டுக்குள் இருப்பது மட்டும் மங்கும். ஃபோன் அசைந்தால் அந்தக் கோடும் கூடவே நகர வேண்டும். கணினி தானாகவே பின்தொடரும். ஆனால் பாடுகிறவர் தலையை ஆட்டிக் குறுக்கே வந்துவிட்டால், கோடு பொருளை விட்டுவிட்டுத் தலையோடு போய்விடும். அந்த இடத்தில் நிறுத்தி, படம் படமாக, கையால் கோட்டை நகர்த்த வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம். அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

கலும்பாங்கில் இருப்பவர் அமராவதி அக்கா. அவர் வீட்டுக்காரர் அப்பளசாமி, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், கோயில் திருவிழாவில் முன்னால் நின்று பாடுகிறவர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கை. மூக்கில் குழாய். பேச்சு அடியோடு போய்விட்டது.

அக்கா எப்போதும் முன்கூடத்தில் உட்கார்ந்துதான் பாடுவார். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. கூடத்தில் லைன் கிடைக்கவில்லை. படுக்கையறைச் சன்னலோரம் மட்டும் கிடைத்தது. கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிஸ்கட் டின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். அது அவர் வீட்டுக்காரர் திருவிழாவில் பாடுகிற பாட்டு. நாங்களும் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டம் முடிந்ததும் அக்கா சுகுமாறனுக்குக் குரல்செய்தி அனுப்பினார். பின்னால் அலமாரித் தட்டில் மருந்து, பெம்பர்ஸ் கட்டு, மூத்திரப் புட்டி எல்லாம் இருந்தது, அதை மறைத்துவிடு தம்பி என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சுகுமாறன் தட்டை மறைத்தார். அப்போது பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்தார். அலமாரிக் கதவு பாதி திறந்து கிடந்தது. அதில் ஆளுயரக் கண்ணாடி. கட்டில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டாலும், கண்ணாடி கட்டில் பக்கம் திரும்பியிருந்ததால் படுத்திருக்கிற அப்பளசாமி அண்ணன் அதில் தெரிந்தார். சட்டை இல்லை. மூக்கில் குழாய். மீசையை முறுக்கிக்கொண்டு தோட்டத்தில் நடந்த மனிதரை ஊர் இப்படிப் பார்க்கக்கூடாது என்று சுகுமாறனுக்குத் தோன்றியது. அக்காவைக் கேட்டால் வருத்தப்படுவார் என்று கேட்கவும் இல்லை. கண்ணாடியையும் கோடு போட்டு மறைத்துவிட்டார். மின்விசிறிக் காற்றில் ஃபோன் ஆடியிருந்தது, அக்காவின் தலையும் அடிக்கடி கண்ணாடிக்குக் குறுக்கே வந்தது. அந்த ஒரு பாட்டுக்கே சனிக்கிழமை மத்தியானம் முழுதும் ஆனது.

பிறகு வழக்கம்போல் யூடியூபில் போட்டார். அடுத்த வாரம் இரண்டு கல்யாணம். லேப்டாப்பில் இடமில்லை. மூலப் பதிவை அழித்துவிட்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார். நாங்களும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

ஐந்து வாரம் கழித்து அப்பளசாமி அண்ணன் இறைவனடி சேர்ந்தார்.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சுகுமாறன் தன் வேனில் முருகையா அண்ணனையும் என்னையும் கூட்டிப் போனார். சாப்பாடெல்லாம் முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தோம். சுகுமாறன் தண்ணீர் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்தார். அமராவதி அக்கா அழவில்லை. என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"மூனு வருசம் திலகா. அந்த வாயி ஒரு தடவ அசையல. நான் பக்கத்துல உக்காந்து பாடிப் பாடிப் பார்த்தேன். கேக்குதா இல்லையான்னே எனக்குத் தெரியாமப் போயிட்டாரு."

சுகுமாறன் கையில் இருந்த குவளைகளைக் கீழே வைத்தார். திரும்பி வரும் வழியில் முருகையா அண்ணன் இறங்கிப் போன பிறகு வேனை ஓரமாக நிறுத்தினார்.

"அக்கா, அப்பளசாமி அண்ணே பாடுனாரு," என்றார். "கண்ணாடியில நான் பார்த்தேன். சத்தம் வந்திருக்காது. வாய் அசைஞ்சுச்சு. தெனம் இப்படித்தான் பாடுவாரு போலன்னு நெனச்சேன். நான்தான் மறைச்சேன்."

என் வாயில் சிவபெருமானே என்று மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் கடையை ஒழுங்காகத் திறக்கவில்லை. அழித்ததை மீட்கிற மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். கிள்ளானில் ஒரு கடைக்கு லேப்டாப்பைக் கொண்டு போனார். அந்த இடத்தின் மேலேயே இரண்டு கல்யாணம் எழுதப்பட்டுவிட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். வெட்டி ஒட்டின வேலைக் கோப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதைத் திறந்தால் படம் காணவில்லை என்று சிவப்பாகக் காட்டியது. வெறும் சிவப்பின் மேல் அவர் வரைந்த கோடு மட்டும், கண்ணாடி அளவுக்கு, ஆடி ஆடி நகர்ந்தது.

யூடியூபில் இருப்பதிலிருந்து மங்கலை எடுக்க முடியாதா என்று நான் கேட்டேன். "மேல துணி போட்டு மூடுன மாதிரி இல்லக்கா இது," என்றார். "சோத்தக் கொழைச்ச மாதிரி. கொழைஞ்ச சோத்துலருந்து அரிசிய எடுக்க முடியாது." இப்போது ஏஐ இருக்கிறதே, அது முகத்தைத் திருப்பித் தருமே என்று என் மகள் சொன்னாள். அது தருகிற வாய் அது வரைகிற வாய், அண்ணன் வாய் இல்லை என்று சொல்லிவிட்டார்.

சொல்லாமல் விட்டுவிடலாமே, அக்காவுக்கு இன்னொரு துக்கம் எதற்கு என்று நான் நினைத்தேன். சுகுமாறனிடம் சொல்லவும் செய்தேன். அவர் தலையை ஆட்டினார். அண்ணன் தன் பாட்டைக் கேட்காமலேயே போய்விட்டார் என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாரே, அதை எப்படி விடுவது என்றார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டார்.

பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கலும்பாங் போனோம். போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். அந்த அறையிலேயே எங்களை உட்கார வைத்தார் அக்கா. கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. மருந்துத் தட்டு காலி.

சுகுமாறன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அக்கா ஃபோனை வாங்கி அந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்தார். படத்தில் அக்கா முகம் தெளிவாக இருந்தது. தோளுக்கு அந்தப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். விரலால் பெரிதாக்கினார். மங்கல்தான் பெரிதானது. உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருந்தது. அது அண்ணனா, ஃபோன் ஆடினதா, தெரியவில்லை. மூன்று தடவை பார்த்தார்.

"நான் தட்ட மட்டும்தானே தம்பி மறைக்கச் சொன்னேன்."

"ஆமாக்கா."

"கண்ணாடிய நான் சொல்லலையே."

"சொல்லலக்கா. நானாத்தான் செஞ்சேன். ஒரு ஃபோன் போட்டு உங்களக் கேட்டிருக்கணும்."

சுகுமாறன் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அக்கா அவரைத் திட்டவில்லை. ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.

"திரும்பிப் பார்த்திருக்கலாம்," என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. "புத்தகத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மனப்பாடமான பாட்டுதான் அது. கையெட்டுற தூரத்துல இருந்தாரு."

பிறகு சுகுமாறன் பக்கம் திரும்பினார்.

"எதுவரைக்கும் பாடுனாரு?"

அதற்குச் சுகுமாறனிடம் பதில் இருந்தது. படம் படமாக நகர்த்தினவர் அல்லவா. முதல் அடியில் அண்ணன் வாய் அசையவில்லை. இரண்டாவது அடியில் பாதியில் சேர்ந்துகொண்டார். நாலாவது அடியில் ஒரு சொல்லுக்கு வாய் நின்றது, மறுபடி சேர்ந்தது. கடைசி அடி வருவதற்குள் அக்காவின் தலை குறுக்கே வந்துவிட்டது. விலகியபோது வாய் மூடியிருந்தது, கண் திறந்திருந்தது. எங்கே பார்த்தார் என்று அக்கா கேட்டார்.

"ஒங்க முதுகப் பார்த்தாரு."

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. நான் கிட்டப் போய்ப் பிடித்துக்கொண்டேன். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, சுகுமாறனுக்குக் கட்டிலைக் காட்டி அங்கே உட்காரச் சொன்னார்.

"எப்படி அசைச்சாரு, செஞ்சு காட்டு தம்பி."

"எனக்கு வராதுக்கா."

"ஒனக்கு மட்டுந்தான் தெரியும். வேற யாரும் பார்க்கல." நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு நேராகப் போட்டார். "அன்னிக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்தேன். இப்ப திரும்பி உக்காந்துக்கிறேன்."

சுகுமாறன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கவாதத்தில் விழுந்த அண்ணன் உதட்டைப் போல இடப்பக்க உதடு அசையாமல் இருக்க ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா புத்தகம் எடுக்கவில்லை. பாட ஆரம்பித்தார். முதல் அடியில் சுகுமாறன் அசையவில்லை. இரண்டாவது அடியில் பாதியில், சத்தமில்லாமல், சேர்ந்துகொண்டார். அவர் கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. நாலாவது அடியில் அந்தச் சொல்லுக்கு நிறுத்தினார். அக்காவும் அங்கே நிறுத்தினார். அவர் உதடு மறுபடி அசையும்வரை காத்திருந்து, சேர்ந்து எடுத்தார்.

கடைசி அடிக்கு முன்னால் சுகுமாறன் வாயை மூடிவிட்டார். அதற்குமேல் அவர் பார்க்கவில்லை. பார்க்காததை அவர் காட்டமாட்டார்.

மிச்சத்தை அக்கா தனியாகப் பாடி முடித்தார்.