பித்தளைத் தட்டில் விழுந்த தோடு

கூலிக்காரப் பெண்ணொருத்தி கோயிலுக்குக் கொடுத்த தங்கத்தைப் பித்தளை என்று சொன்னவன் நான். தவறு என்று தெரிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பெரிய குற்றம் அதுதான்.

1991இல் ஒரகடத்தை அடுத்த ஓர் ஊர்க் கோயிலுக்கு நகை மதிப்பீட்டாளனாகப் போனேன். உண்டியலில் விழுந்து, சாமிக்குச் சாத்தப் பயன்படாத பொன்னைப் பிரித்து, கல்லும் அரக்கும் நீக்கி, எடை போட்டு, முத்திரையிட வேண்டும். அரசு உருக்காலையில் அது கட்டியாகி, கோயில் பேரில் வங்கி வைப்பில் சேரும். வட்டி திருப்பணிக்கு.

காணிக்கை எண்ண வந்த பெண்களில் ஒருத்தி, பித்தளைச் சாமான்களுக்கென்று ஒதுக்கிய தட்டில் நான் எறிந்த தோட்டைக் காட்டினாள்.

"சார், அது என்னுது. புள்ளைக்கு ஜுரம் எறங்கனா தரேன்னு வேண்டிக்கினது. தங்கம்."

"தங்கம்னா ஏம்மா இப்படிக் கறுத்துப்போச்சு?"

"எண்ணெ அழுக்கு சார். ஒருவாட்டி ஒரசிப் பாரு."

நான் அவள் புடவையைப் பார்த்தேன். உரசவில்லை.

"சாமிக்கே கவரிங்கா? நல்லா கீதுடி உன் வேண்டுதல்!" என்றாள் பக்கத்திலிருந்தவள். மண்டபமே சிரித்தது.

மாலையில் பொட்டலங்களைக் கட்டும்போது ஏதோ உறுத்த, தோட்டைக் கல்லில் உரசி அமிலம் விட்டேன். பித்தளையின் கோடு நுரைத்து அழிந்துவிடும். இது அப்படியே நின்றது. சத்தமில்லாமல் தங்கப் பொட்டலத்தில் சேர்த்து எடையைத் திருத்தினேன். கணக்கு நேரானது. அவள் பெயர் நேராகவில்லை.

அந்தப் பொன் உருகிக் கட்டியானது. அடுத்த வருடம் வந்த வட்டியில் மண்டபத்தின் ஒழுக்கை அடைத்தார்கள். அவள் மட்டும் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று பூசாரி சொன்னார்.

குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்து அவள் தெருவுக்குப் போனேன். குடங்களோடு நின்றவர்கள் எல்லோர் முன்பும் நடந்ததைச் சொன்னேன்.

அவள் குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"தங்கம்னு எனக்கு அப்பவே தெரியும் சார். இவளுங்களுக்குத் தெரியணும், அவ்ளோதான்." பிறகு, "அது இப்ப பேங்குல கீதா?" என்றாள்.

"இருக்கும்மா. வட்டியும் வருது."

"வரட்டும். வூட்டுப் பானையில கெடந்து யாருக்கு இன்னா புண்ணியம்?"

பொன்னை முடக்கி வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். வைதிருந்தால்கூட நான் அத்தனை குறுகியிருக்க மாட்டேன்.

கோயில் செயல் அலுவலரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கினார். அடுத்த முறை ஒவ்வொரு உருப்படியையும் எல்லோரும் பார்க்க உரசினார்களாம். அவளும் எண்ணப் போயிருந்தாளாம். அந்தத் தெருவில் யாரும் அதன்பின் மதிப்புப் பார்க்க என்னிடம் ஒரு மூக்குத்தியைக்கூட நீட்டவில்லை. அது நியாயம்தான்.