பதினோராம் நம்பர் ஊசி நுழைகிறது

இந்துமதிக்கு வானத்தைவிடக் கண்ணாடி மேல்தான் ஆசை அதிகம். தட்டையான ஒரு கண்ணாடி வட்டைக் கையாலேயே தேய்த்துக் குழியாக்கினால், அது நிலாவைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் என்று இணையத்தில் படித்தாள். அன்றிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள்.

மண்ணரையில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் அவளுக்கு ஷிப்பிங் டாக்குமென்ட் வேலை. வீடு மங்கலம் ரோட்டில். பின்கட்டில் தண்ணீர் நிரப்பிய ஒரு டிரம். அதன் மேல் அசையாமல் பொருத்திய ஆறு இஞ்ச் கண்ணாடி வட்டு ஒன்று. அதன் மேல் அதே அளவில் இன்னொன்று. நடுவில் கண்ணாடியை அரிக்கும் கார்போரண்டம் பொடியும் கொஞ்சம் தண்ணீரும். மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளி, கொஞ்சம் திருப்பி, டிரம்மைச் சுற்றி ஓரடி நகர்ந்து, மறுபடியும் தள்ள வேண்டும். மேல் வட்டு நடுவில் குழியும். கீழ் வட்டு விளிம்பில் தேயும். அவளுக்கு வாய்த்தது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே. ஷிப்மென்ட் இருந்தால் அதுவும் இல்லை.

2008 கடைசியில், அவள் சேர்ந்திருந்த, தொலைநோக்கி செய்பவர்களின் ஆர்குட் குழுவில், எல்லோரும் தங்கள் தொலைநோக்கியின் படத்தை சிறு குறிப்போடு போடுங்கள் என்றார்கள். வந்த படங்களெல்லாம் பளபளவென்று வர்ணம் பூசிய குழாய்கள். இந்துமதியிடம் இருந்தது டிரம், சாம்பல் நிறச் சேறு, சேறு துடைத்த பனியன் வேஸ்ட் துணி, கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் செருப்பு. அதையே படமெடுத்து ஏற்றினாள். குறிப்பு எழுதும் இடத்தில் நின்றுவிட்டாள்.

முதலில், ‘மன்னிக்கவும், இன்னும் முடியவில்லை’ என்று அடித்தாள். அவள் கணவன் திருமூர்த்தி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

“ஆருகிட்ட மன்னிப்பு கேக்கற? நீயென்ன அவங்களுக்கு ஆர்டர் எடுத்தா தேய்க்கற?”

“இல்லீங்க, பாக்கறவங்க சிரிப்பாங்களே.”

“சிரிக்கட்டுமே.”

அழித்துவிட்டு, ‘பிரபஞ்சத்தை நோக்கி என் பயணம்’ என்று போட்டாள். செருப்பின் படத்துக்கு மேலே அதைப் படித்ததும் அவளுக்கே வெட்கமாயிருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் சேம்பிள் பிரிவு அனுசுயாவிடம் காட்டினாள். அனுசுயா தென்காசிப் பக்கத்துக்காரி. கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தாள்.

“என்னக்கா இது, சாக்கடை அடைச்சிக்கிட்டா?”

இந்துமதிக்கு உறைத்தது. படத்தில் சேறு தெரிகிறது. சேறு ஏன் என்பது தெரியவில்லை. பார்க்கிறவனுக்குத் தானாகத் தெரிவதைக் குறிப்பு சொல்ல வேண்டாம். தெரியாததைச் சொன்னால் போதும்.

“கண்ணாடில குழி விழுது அனு. மேல ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கா வெச்சு, அதுக்கும் குழிக்கும் நடுவுல தையல் மெஷின் ஊசியை நுழைச்சுப் பாப்பேன். பதினொண்ணாம் நம்பர் ஊசி முக்கால் மில்லி கனம். அது இப்ப போயிருது. ஒன்னே கால் மில்லி கிட்ட வேணும், பத்தொம்பதாம் நம்பர் ஊசி போகணும்.”

“அப்ப அதையே எழுதுங்கக்கா. சாக்கடைன்னு நெனைச்சவளுக்கே பாக்கணும்னு தோணுதுல்லா.”

அன்று மாலை பழைய குறிப்பை அழித்துவிட்டு எழுதினாள்: ‘தொலைநோக்கிக் கண்ணாடி, தேய்ந்துகொண்டிருக்கிறது. இப்போதைக்குப் பதினோராம் நம்பர் ஊசி நுழைகிறது. பத்தொன்பது நுழைய வேண்டும். குழியிலிருந்து வந்ததெல்லாம் தரையில் பத்திரமாக இருக்கிறது. செருப்போடு வரவும்.’

ஒரு வாரத்தில் அந்தப் படத்துக்கு வந்த பதில்கள், பளபளக் குழாய்கள் எதற்கும் வரவில்லை. மெஷின் ஊசியில் நீளவாக்கில் பள்ளம் உண்டே, அளவு தவறாதா என்று ஒருவர் கேட்டார். பள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து நுழைத்துப் பார்த்துப் பதில் போட்டாள். துடைக்கும் துணி எல்லாப் பொடிக்கும் ஒன்றேயா என்று இன்னொருவர். அடுத்த மெல்லிய பொடிக்குப் போகும்போது பழைய துணி, வாளி எல்லாம் வெளியே போய்விடும், ஒரு முரட்டுத் துகள் தங்கினாலும் கீறல்தான் என்றாள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு மூலைகளைப் படமெடுத்துப் போட ஆரம்பித்தார்கள்: பாதி அறுத்த பலகை, உறைந்துபோன பசை, பூனை படுத்திருக்கும் குழாய்.

அதே குழுவில் இருந்த குண்டடத்துச் சாமியப்பன், பாதியில் விட்ட தன் கண்ணாடியைப் பரணிலிருந்து இறக்கியதாக எழுதினார். அடுத்த ஞாயிறு மனைவி பழனாத்தாளோடு நேரில் வந்துவிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, எனக்கு ஒரு சந்தேகம். பொடி தீந்துதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுல குழம்பித்தானுங்க நான் விட்டேன்.”

இந்துமதி புதிதாக ஒரு சிட்டிகை தூவி, வட்டை அவர் கையில் கொடுத்தாள். கரகரவென்று சத்தம் எழுந்தது. தள்ளத் தள்ள அது தணிந்து, ஈரத்துணி உரசுவது போலானது.

“இப்பப் பொடி நொறுங்கிருச்சுங்க. கழுவிட்டுப் புதுசு போடோணும்.”

பழனாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். “தள்ளுங்க, நானும் கேக்கறேன்” என்று கணவரை நகர்த்திவிட்டு, டிரம்மைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.