தலையாட்டலுக்கு முன்னால் இருந்த கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர். வைத்தவர் அவளுடைய மேலாளர். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. பதினோரு வருடமாக ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் சீரியல்களுக்குப் புரோமோ வெட்டுகிறாள். அரை மணி நேர எபிசோடில் ஒன்றுமே நடக்காவிட்டாலும், முப்பது விநாடியில் ஏதோ குடி முழுகிப்போனது போலக் காட்டிவிடுவாள்.

அந்த வேலையில் ஒரு நேர்மையும் உண்டு என்று அவள் சாதிப்பாள். எடுக்காத காட்சியை அவள் சேர்த்ததில்லை, பேசாத வசனத்தைப் பேச வைத்ததில்லை. இருப்பதை இடம் மாற்றுவாள், அவ்வளவுதான். எபிசோடே முழுதாகத் தொகுத்து முடிவதற்குள் புரோமோவைக் கேட்டுக் கழுத்தைப் பிடிப்பார்கள். படப்பிடிப்பிலிருந்து வந்த துண்டுகளைத் துழாவி, கிடைத்ததை வைத்துத்தான் சமைக்க வேண்டும். கேள்வியைப் போடு, பதிலைப் போடாதே என்பது மேலாளரின் வேதம். பதில் தெரிந்துவிட்டால் எவன் திங்கட்கிழமை உட்கார்ந்து பார்ப்பான் என்பார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த வாரம் கதையில் அப்பா பாத்திரத்துக்கு இருதய வால்வு ஆபரேஷன். கத்திரி வழக்கம்போல வெட்டி அனுப்பினாள். சனிக்கிழமை சாயங்காலம் ஓடியது. ஓடிய கால் மணி நேரத்தில் அம்மா போன் செய்தாள். அப்பா ஆபரேஷன் வேண்டாம் என்கிறாராம்.

அவளுடைய அப்பாவுக்கும் அதே வால்வு. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இந்தத் தேதி கிடைப்பதற்குள் இரண்டு மாதம் ஓடியிருந்தது. தவறவிட்டால் இன்னும் எத்தனை நாளோ. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் முப்பத்தைந்து வருடம் குழிக்குள்ளும் கயிற்றிலுமாகத் தொங்கியவர், ஒரு புரோமோவுக்குப் பயந்து கையெழுத்துப் போட மாட்டேன் என்று போர்வைக்குள் படுத்துவிட்டார். அது சும்மா கதை என்று போனில் அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நீ சொல்வாய் என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டூட்டி. வெளியாட்களைத் தொகுப்பறைக்குள் விடக் கூடாது. வேலை போனாலும் போகட்டும் என்று அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தாள். ஏசி குளிருக்கு ஒரு துண்டைப் போர்த்தி, தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள்.

முதலில் புரோமோவை ஓட்டினாள். "அப்பா பிழைச்சிடுவாரா?" என்று மகள் கேட்கிறாள். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டுகிறார். மகள் அலறுகிறாள். திரை கறுப்பாகிறது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். அந்தக் கேள்வி மகள் தன் புருஷனிடம் வராந்தாவில் கேட்டது. அவள் அலறுவது வேறு நாள் எடுத்தது, வீட்டுப் பத்திரத்துக்காகத் தம்பியோடு போடும் சண்டை. டாக்டர் காட்சியை முழுதாக ஓட்டினாள். அதில் மகள், ஆபத்து ஏதாவது இருக்கிறதா டாக்டர் என்று கேட்கிறாள். அதற்குத்தான் அவர் இல்லை என்று தலையாட்டுகிறார். ஆட்டிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்கிறார். சிரிப்பு தொடங்குவதற்கு முன்னால் அவள் வெட்டியிருந்தாள்.

அப்பா அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டச் சொன்னார். பழுதான இயந்திரத்தில் கோளாறு அகப்பட்டதுபோல அவர் முகம் தெளிந்தது. கெட்டிக்காரிதான் என்று சிரித்தார். கத்திரிக்கு மூச்சு வந்தது. தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

டீயைக் குடித்து முடித்தவர், திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நம்ம டாக்டர்கிட்ட நீ மட்டும் தனியா போய்ப் பேசிட்டு வந்தியே. பயப்பட ஒண்ணுமில்லைன்னு அவர் சொன்னார்னு சொன்னே. அதுல எதை வெட்டின?"

வீட்டில் எல்லாரிடமும் அந்த ஒரு வரியைத்தான் சொல்லியிருந்தாள். இவரிடம் இனி எதையும் மறைக்க முடியாது என்று தெரிந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லைன்னு அவர் சொன்னது நிஜம்ப்பா. ஆனா அது கடைசில சொன்னது. அதுக்கு முன்னாடி, நூறு பேர்ல நாலஞ்சு பேருக்குச் சிக்கலாகும்னார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கறதால இன்னும் கொஞ்சம் கூடன்னார். பண்ணாம விட்டா ரெண்டு வருஷம் தாங்கறதே கஷ்டம்னார்."

அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. அப்பா துண்டை எடுத்து மடித்தார். நிதானமாக நான்காக மடித்தார்.

"நூத்துக்கு அஞ்சுதானா. நான் பாதிக்குப் பாதின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

ஏழு மணிக்கு என்றாள்.

"இதை நீ அன்னிக்கே முழுசாச் சொல்லியிருந்தா, நான் ஏம்மா சீரியல் டாக்டர் மூஞ்சியைப் பார்க்கப் போறேன்?"