கதவக்கா எழுதிய விண்ணப்பம்

எங்கள் துறையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. லிஃப்டுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி. எந்தப் பாகத்துக்கு எழுதுகிறார்களோ அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும்: பிரேக், மோட்டார், சென்சார். சோதனை மேடையைப் பார்த்துக்கொள்கிற நான் மேடை அண்ணா. பதினோரு வருடமாகக் கதவு திறந்து மூடுகிற நிரலை எழுதுகிறவள் கதவக்கா. என்னைவிட ஆறு வயது சின்னவள், ஆனாலும் எனக்கும் அப்படியே வாய் பழகிவிட்டது.

கதவக்காவுக்குக் கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது. அடுத்தவர் நிரலில் ஒரு பிழை கண்ணில் பட்டால், அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தானே திருத்திவிட்டு 'முடிச்சாச்சு' என்று செய்தி அனுப்புவாள். கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

எங்கள் குழுத் தலைவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். உள்ளே இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் டைரக்டருக்கு ரெஸ்யூமே, கூடவே ஒரு மின்னஞ்சல். 'ஆட்களை வழிநடத்திய அனுபவத்தை உதாரணத்தோடு எழுதவும்' என்று தனியாகவே போட்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கதவக்கா இதே பதவியைக் கேட்டபோது, "நீங்க போயிட்டா கதவை யார் பாப்பாங்க?" என்று சிரித்து மழுப்பி வெளியாளைக் கொண்டுவந்தார்கள். இந்த முறையும் கைநழுவினால் ஓய்வு பெறும்வரை கதவுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். உட்காரவில்லை. அவள் எழுதியிருந்த மின்னஞ்சலை நான் படித்து முடிப்பதற்குள் அறையை நாலு முறை அளந்துவிட்டாள்.

"எப்படிண்ணா இருக்கு?"

"பதினேழு பிழையைச் சரிபண்ணியிருக்க. நல்ல மெக்கானிக்னு தெரியுது. இதுல உன்னைத் தவிர ஒரு மனுஷன்கூட இல்லையே."

முகம் சுண்டிவிட்டது. போனாள். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது கடிதம் பாதியாகச் சுருங்கியிருந்தது. இரண்டே உதாரணம். முதலாவது, பழுது பார்க்கிற மெக்கானிக்குகளையும் எங்கள் ஆட்களையும் வாரம் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார வைத்தது. யார் தப்பு என்று பேசக்கூடாது, என்ன நடந்தது என்று மட்டும்தான் பேச வேண்டும். எட்டு மாதத்தில், அதே புகார் திரும்ப வருவது மாதம் பதினொன்றிலிருந்து நான்காகக் குறைந்தது. உண்மை. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது: 'பிரசவ விடுப்பிலிருந்து திரும்பிய சக பொறியாளரின் சுமையைக் குறைத்து, சிக்கலான பகுதியை நானே ஏற்றேன். அவர் நேரத்தோடு வீடு திரும்பினார், வெளியீடும் தாமதமாகவில்லை.'

"இது சென்சாரைப் பத்திதானே?"

"பேர் போடலையே."

"மாடி முழுக்கத் தெரியும். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு."

சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்பதுபோல்தான் கூப்பிட்டாள். சென்சார் எட்டு வருட அனுபவக்காரி, அதிகம் பேச மாட்டாள். மேடையருகே நின்றபடியே படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நான் கேட்கவே இல்லையேக்கா."

"என்ன கேட்கல?"

"குறைக்கச் சொல்லி. கதவு மெதுவா மூடுற பகுதி என்னோடது. ஆறு மாசம் கழிச்சு வந்து பாத்தா உங்க பேர்ல இருக்கு. எனக்கு அறிக்கைல தேதி திருத்துற வேலை. குழந்தையை அவங்கப்பா பாத்துக்கிறார், சாயங்காலம் அவர்தான் கூட்டிட்டும் வர்றார். யாராவது கேட்டீங்களா?" குரலை உயர்த்தவில்லை. "அந்த மாசம் நான் வெளியில நாலு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பினேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சுமையைக் கதவக்கா எடுத்துக்கொண்டபோது நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ரொம்ப நல்ல காரியம் என்று நானே பாராட்டியிருந்தேன்.

அதன் பிறகு கதவக்கா பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பத்தியை அழித்தாள், திரும்பப் போட்டாள். தண்ணீர் பிடிக்கப் போய் வெறும் பாட்டிலோடு வந்தாள். "நல்லதுதானே நினைச்சேன்" என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நினைச்சதுக்கா வேலை குடுக்கறாங்க?"

ஒரு உதாரணத்தோடு அனுப்பிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அதை நானே சொன்னேன். அவள் தலையசைத்தாள், ஆனால் அனுப்பவில்லை. மூன்றரைக்கு எழுந்து சென்சாரின் மேசைக்குப் போனாள். நான் ஒரு கேபிளைத் தேடுகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"கேட்டிருக்கணும். அவ்வளவுதான்."

"சரி, இப்ப கேக்கறேன். என்ன வேணும்?"

சென்சார் யோசிக்கவே இல்லை. "மெதுவா மூடுற பகுதி. முழுசா. நான் எழுதினதை நீங்க திரும்ப எழுதக்கூடாது."

கதவை யாராவது ரொம்ப நேரம் மறித்துக்கொண்டிருப்பதாகச் சென்சார் கருவி காட்டினால், ஒலி எழுப்பியபடி குறைந்த வேகத்தில் மூட வேண்டும்; அந்தப் பகுதி அது. பதினோரு வருடமாகக் கதவு நிரலில் கதவக்காவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரி சேர்ந்ததில்லை. அங்கேயே நின்று, அந்தப் பகுதியின் ஒப்புதல் உரிமையைச் சென்சார் பெயருக்கு மாற்றினாள். மாற்றும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டாவது உதாரணத்தைப் புதிதாக எழுதி, முதலில் சென்சாருக்குக் காட்டினாள்:

'விடுப்பிலிருந்து திரும்பிய சக பொறியாளரின் பொறுப்பை, உதவி என்று நினைத்து, அவரைக் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டேன். வெளியீடு தாமதமாகவில்லை, ஆனால் ஒரு நல்ல பொறியாளரை இழக்கப் பார்த்தோம். இது எனக்குத் தெரிந்ததே இன்றுதான். அவர் கேட்ட பகுதியை இன்று முழு உரிமையோடு ஒப்படைத்துவிட்டேன். பலன் என்ன என்று சொல்ல என்னிடம் இன்னும் எண்கள் இல்லை. அவர் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.'

"இதை அனுப்பினா கிடைக்குமாக்கா?" என்றாள் சென்சார்.

"தெரியல."

"அனுப்புங்க."

நாலு ஐம்பதுக்குப் போனது.

ஐந்து மணிக்குச் சென்சார், விடுப்புக்கு முன் அந்தப் பகுதிக்கு எழுதிவைத்திருந்த தன் பழைய திருத்தத்தை மேடையில் ஏற்றினாள். மேடையில் நிஜ லிஃப்டுக் கதவும் மோட்டாரும் உண்டு. மறிப்புக்கு ஒரு அட்டைப்பெட்டியை வைத்தோம். ஒலி வந்தது. கதவு அசையவில்லை. மறுபடியும் ஓட்டினோம், அதே கதைதான். கதவக்கா திரையைப் பார்த்த மாத்திரத்தில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பதினோரு வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். கை விசைப்பலகைப் பக்கம் பாதி தூரம் போய், நின்றது.

"உதவி வேணுமா?"

"வேணாம்க்கா. வேணும்னா கேக்கறேன்."

கதவக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். அப்போதுதான் போன் சிணுங்கியது. டைரக்டர் பதில் போட்டிருந்தார். கதவக்கா படித்தாள். போனை அப்படியே எங்கள் பக்கம் நீட்டினாள். 'இரண்டாவது உதாரணத்தில் உள்ளவரோடு பேச விரும்புகிறேன். ஐந்தரைக்குக் கிளம்புகிறேன், அதற்குள் அனுப்பவும்.'

மணி ஐந்து பதினெட்டு. அவளுடைய இரண்டு வருட ஏக்கமும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. 'போயேன், ஓடேன்' என்று சென்சாரிடம் சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது.

கதவக்கா சென்சாரைப் பார்த்தாள். "உன்னைப் பார்க்கணுங்கறார். என்ன சொல்லட்டும்?"

சென்சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். ஆனா இதை முடிச்சுட்டுத்தான்."

கதவக்கா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் எழுதினாள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நானும் படித்தேன். 'அவர் இப்போது வேலையில் இருக்கிறார். முடித்ததும் அவர் வசதிப்படி உங்களைப் பார்ப்பார்.'

அனுப்பிவிட்டு, போனை என் கையில் கொடுத்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அசையாத கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.